அம்மாவின் கணக்கும் ஐந்தாயிரம் ரூபாய் வரம்பும்

டொரண்டோவிலிருந்து கும்பகோணம் போயிருந்தேன். கோயில், கல்யாணம், ரயில் டிக்கெட் எல்லாம் நன்றாகவே நடந்தன. எழுத வேண்டியது வங்கிக் கிளையில் கழிந்த நேரத்தைப் பற்றி.

அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும் கணக்கு. பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு ரொம்ப நாளாயிற்று என்று கிளைக்கு அழைத்துப் போனேன். முன்பெல்லாம் கிளார்க் கையால் எழுதித் தருவார், அப்பாவை நலம் விசாரிப்பார். இப்போது வாசலிலேயே ஒரு இயந்திரம் கரகரவென்று அச்சடித்துத் தள்ளுகிறது. அதில் அடுத்தடுத்து மூன்று வரிகள்: ஆதார் வழியாக 100 ரூபாய், இரண்டு நாள் கழித்து 10,000, மறுநாள் மீண்டும் 10,000. "நான் எடுக்கலையேப்பா" என்றார் அம்மா.

ஆதார் வழிப் பணமெடுப்பு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை மூன்றும் இருந்தால் போதும், கார்டு, பின், ஓடிபி எதுவும் தேவையில்லை. கிராமத்துக் கடைகளில் சிறிய கருவியில் விரல் வைத்துப் பணம் வாங்குகிறார்களே, அதே வழிதான். வயதானவர்களுக்கு உண்மையிலேயே உதவியான ஏற்பாடு. ஆனால் பத்திரப் பதிவில் வைத்த ரேகைகளை நகலெடுத்து இதே வழியில் பணம் எடுத்த வழக்குகள் உண்டு. அம்மாவின் ரேகை எங்கிருந்து போனது என்று கடைசிவரை தெரியவில்லை. ஓடிபி கேட்காத இந்த வழியில், பணம் போனதும் வரும் எஸ்எம்எஸ்தான் ஒரே எச்சரிக்கை.

அந்த எஸ்எம்எஸ் அம்மாவுக்கு வரவில்லை. கணக்கில் இருந்தது அப்பாவின் எண். அவர் காலமான பிறகு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. ப்ரீபெய்ட் எண் 90 நாள் பயன்பாடின்றிக் கிடந்தால் துண்டிக்கப்படலாம். அப்புறம் அது வேறொருவருக்குப் போய்விடும். முதல் 100 ரூபாய்க்கு வந்த எஸ்எம்எஸ் யாரோ ஒருவருக்குப் போயிருக்கும், அவர் ஒதுக்கித் தள்ளியிருப்பார்.

அந்த 100 ரூபாய்தான் முக்கியம். ரேகை வேலை செய்கிறதா, கணக்கில் பணம் இருக்கிறதா, யாராவது கவனிக்கிறார்களா என்று பார்க்கத்தான் முதலில் சிறு தொகையை எடுப்பார்கள். அன்றே அது அம்மாவின் கண்ணில் பட்டிருந்தால் கணக்கை முடக்க இரண்டு நாள் இருந்தது.

கவுண்டரில் இருந்த பெண் பொறுமையானவர்தான். முதலில் 1930 என்ற எண்ணுக்குப் பேசி cybercrime.gov.in தளத்தில் புகார் பதியச் சொன்னார். பிறகு கிளையில் எழுத்துப்பூர்வமான புகாரும் எண் மாற்றும் படிவமும் கொடுத்தோம். அந்தப் படிவத்தில் எச்சரிக்கைத் தொகை என்று ஒரு கட்டம், எத்தனை ரூபாயிலிருந்து எஸ்எம்எஸ் வர வேண்டும் என்று குறிக்க. அதில் பென்சிலால் 5,000 என்று அவரே போட்டிருந்தார்.

"ஏன் மேடம் ஐந்தாயிரம்?"

"பெரியவங்களுக்கு நிறைய மெசேஜ் வந்தா குழம்பிடுவாங்க சார். எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. ஐந்தாயிரம் என்றால் அந்த 100 ரூபாய் சத்தமில்லாமல் போயிருக்கும். அழித்துவிட்டு 1 ரூபாய் என்று எழுதச் சொன்னேன். அம்மாவுக்கு மாதத்தில் பணம் எடுப்பதே இரண்டு மூன்று தடவைதான், மெசேஜ் எங்கே குவியப்போகிறது? வரவுக்கு மட்டும் 1,000 என்று வைத்தோம். ஓய்வூதியம் வருவது தெரிய வேண்டும், காலாண்டு வட்டிக்கு மெசேஜ் வராவிட்டால் குறைவில்லை. போகும் பணத்துக்கும் வரும் பணத்துக்கும் ஒரே வரம்பு வைக்க வேண்டியதில்லை என்று அவருக்குச் சொல்லிப் புரிய வைத்ததில்தான் பாதி காலை போனது.

இதை எல்லாக் கணக்குக்கும் அப்படியே சொல்ல மாட்டேன். டீக்கடையிலும் யூபிஐ போடும் என் தம்பிக்கு ஒரு ரூபாய் வரம்பு வைத்தால் நாளைக்கு முப்பது மெசேஜ் வரும், எதையும் படிக்க மாட்டான். அவன் சில்லறைச் செலவுக்குத் தனிக் கணக்கு வைத்து, அதில் கொஞ்சம் பணம் மட்டும் போட்டுக்கொள்கிறான். சேமிப்புக் கணக்கில் ஒரு ரூபாய் வரம்பு. சில வங்கிகள் சிறு யூபிஐ தொகைகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்புவதையே நிறுத்திவிட்டன. படிவத்தில் என்ன எழுதினாலும் சரி, ஒரு சிறு தொகை அனுப்பி மெசேஜ் வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

கனடாவில் 2022 ஜூன் 30 முதல், கணக்கில் இருப்பு 100 டாலருக்குக் கீழே இறங்கினால் வங்கி தானாகவே மின்னணு எச்சரிக்கை அனுப்ப வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு செலவுக்கும் அறிவிப்பு வேண்டுமென்றால் படுக்கையில் இருந்தபடியே செயலியில் இயக்கிவிடுவேன், படிவம் கிடையாது. ஆனால் நம் ஊர் விதி ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தவறும் வங்கியின் தவறும் இல்லாத மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் நம் தலையில். அதற்கு மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. பின் நம்பரை நாமே சொல்லிக் கொடுத்திருந்தால் இந்த விதி பொருந்தாது.

"எஸ்எம்எஸ் அனுப்பிட்டோம் சார், நாள் தாண்டிடுச்சு" என்றார் மேலாளர். அந்த எண் யார் கையில் இருக்கிறது என்று கேட்டேன். வாடிக்கையாளர் மேல்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியது வங்கி என்று அதே சுற்றறிக்கை சொல்வதையும் காட்டினேன். முகம் மாறியது, புகாரை வாங்கிக்கொண்டார். பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வைக்க வேண்டும் என்பதும் விதி. வைத்தார்கள்.

அம்மாவின் எண் இப்போது பட்டன் போனில் இருக்கிறது, எஸ்எம்எஸ் அதற்கு வரும். அதோடு வங்கியின் மின்னஞ்சல் எச்சரிக்கை எனக்கும் வருமாறு எழுதிக் கொடுத்தேன். என் சொந்த ரூபாய்க் கணக்குக்குச் செயலி அறிவிப்பைத்தான் நம்புகிறேன். அது வைஃபையிலேயே வந்துவிடும், இந்திய சிம் அலமாரியில் தூங்கினாலும் கவலையில்லை. ஆனால் போனின் பேட்டரி சேமிப்பு அந்தச் செயலியை உறங்க வைத்துவிட்டால் அறிவிப்பு மணிக்கணக்கில் தாமதமாகும். அமைப்பில் போய் அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். எஸ்எம்எஸ்ஸையும் விட்டுவிடக் கூடாது, செயலியிலிருந்து தானாக வெளியேறிவிட்டால் அறிவிப்பு வராமல் போகலாம்.

வந்த மெசேஜ் வங்கியுடையதுதானா என்று அம்மா கேட்டார். பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் நம்பாதே, வங்கியின் பெயர்ச் சுருக்கத்தோடு, கடைசியில் -S அல்லது -T என்று முடிந்தால்தான் பார் என்று சொல்லிக் கொடுத்தேன். மெசேஜில் இருக்கும் எண்ணுக்குப் பேசாமல் பாஸ்புக்கில் அச்சிட்ட எண்ணுக்குத்தான் பேச வேண்டும்.

கிளம்புவதற்கு முன் எம்ஆதார் செயலியில் அம்மாவின் கைரேகையைப் பூட்டிவிட்டேன். பூட்டியிருக்கும்வரை அந்த வழியில் யாராலும் பணம் எடுக்க முடியாது, அம்மாவாலும்தான். நவம்பரில் ரேகை வைத்து வாழ்வுச் சான்று கொடுக்கும்போது திறந்து, முடிந்ததும் தம்பி மறுபடி பூட்ட வேண்டும்.