ஒரு கையெழுத்தில் போனது ஒரு லட்சத்து நாற்பதாயிரம்

கடைக்கு பில்லிங் ஆப் செய்து வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நேற்று ராத்திரி தூக்கமே இல்லை, அந்தக் கோபத்தில் எழுதுகிறேன்.

எனக்கு திண்டுக்கல் பக்கம் ஹார்டுவேர் கடை. இரண்டு கவுண்டர். பில், ஸ்டாக், ஜிஎஸ்டி மூன்றும் ஒன்றாக வரும்படி ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்திடம் ஆப் செய்யச் சொன்னேன். பெயர் வேண்டாம். மொத்தம் ரூ.1,40,000. ஒரு லட்சம் முன்னாலேயே போய்விட்டது, மீதி நாற்பது 'யூ.ஏ.டி. சைன்-ஆஃப்' அன்று. நாம் ஆப்பைப் போட்டுப் பார்த்து, சரியாக ஓடுகிறது என்று கையெழுத்துப் போடுவதற்குத்தான் அந்தப் பெயர்.

அந்த நிறுவனத்துப் பையன் வந்தது சனிக்கிழமை சாயங்காலம், கடை நிறைய ஆள். கையில் டெஸ்ட் பிளான் என்று இரண்டு தாள். 38 வரிசை, எல்லாவற்றிலும் 'பாஸ்' என்று ஏற்கெனவே அடித்திருந்தது. "அண்ணே, நாங்களே எல்லாம் டெஸ்ட் பண்ணிட்டோம், இது சும்மா ஃபார்மாலிட்டி" என்றான். நல்ல பையன், மூன்று மாதமாகக் கடைக்கு வந்து போனவன், டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தராசுக்குப் பக்கத்தில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். நாற்பதாயிரத்தை அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு பிளம்பர் நான்கு சிபிவிசி எல்போவைத் திருப்பிக் கொடுக்க வந்தார். பில் எண் 1187. தட்டினால் திரையில் வேறு யாரோ வாங்கிய பெயின்ட் பில் வருகிறது! அவர் கையில் இருப்பதும் 1187, எங்கள் ரப்பர் ஸ்டாம்போடு. அன்றைக்கே தேடினோம். ஒரே எண்ணில் இரண்டிரண்டு பில்லாக 11 ஜோடி. ஜிஎஸ்டி விதி 46-படி ஒரு நிதியாண்டில் ஒரு பில் எண் ஒருமுறைதான் வர வேண்டும். ஜிஎஸ்டி எண் உள்ளவர்களுக்குப் போட்ட பில் என்றால் ஜிஎஸ்டிஆர்-1 போடும்போது போர்ட்டல் இரண்டாவதை ஏற்காது என்று ஆடிட்டர் தலையில் கை வைத்துவிட்டார்.

போன் போட்டேன். முதலில் "நெட்வொர்க்கா இருக்கும்ணே". அப்புறம் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க". அப்புறம் "டிக்கெட் போடுங்க". பிறகு போன் எடுப்பதே இல்லை. கடைசியில் வாட்ஸ்அப்பில் வந்தது, நான் கையெழுத்துப் போட்ட தாளின் படம். என் கையெழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்! கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: சைன்-ஆஃபுக்குப் பிறகு வரும் எந்தத் திருத்தமும் புதிய வேலையாகக் கணக்கிடப்படும். இதைச் சரிசெய்ய இன்னும் ரூ.35,000 வேண்டுமாம்.

அக்கா மகன் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அவன் ஆப்பின் புரோகிராமைத் திறந்து இந்த வரியைக் காட்டினான்:

```
SELECT MAX(bill_no) + 1 FROM bills;
```

சேவ் அழுத்தியதும் கடைசி பில் எண்ணைப் பார்த்து ஒன்று கூட்டிக்கொள்கிறது. பில் முழுதாகப் பதிவாக இரண்டு மூன்று விநாடி ஆகிறது. அதற்குள் அடுத்த கவுண்டரும் சேவ் அழுத்தினால் அதற்கும் அதே எண்தான். ஒரே எண் மறுபடி வந்தால் ஏற்காதே என்று டேட்டாபேஸில் ஒரு `UNIQUE` போட்டிருந்தால்கூட இரண்டாவது பில் அங்கேயே நின்றிருக்கும், நமக்கும் அன்றைக்கே தெரிந்திருக்கும். நானும் அவனும் ஆளுக்கொரு கவுண்டரில் உட்கார்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி ஒன்றாக அழுத்தினோம். பத்துக்கு ஆறு முறை ஒரே எண்.

அப்புறம்தான் அந்த 38 வரிசையை ஒழுங்காகப் படித்தேன். 14-வது வரிசை: 'பில் சேமித்தல்'. எதிர்பார்ப்பது: பில் சேமிக்கப்பட வேண்டும். நடந்தது: சேமிக்கப்பட்டது. பாஸ். இப்படி எழுதினால் எதுதான் ஃபெயில் ஆகும்? எந்தச் சரக்கு, எத்தனை, என்ன தொகை வர வேண்டும், ஒன்றும் இல்லை. இரண்டு கவுண்டர் என்ற பேச்சே இல்லை. 38-ம் ஒரே நாளில், ஒரே ஆள், அவர்கள் லேப்டாப் ஒன்றில், 'டெஸ்ட் கஸ்டமர் 1' என்ற பெயரில். என் கடையில் ஒன்றையும் ஓட்டிப் பார்க்கவில்லை. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வாங்கியவர்களுக்கு ஒரு சனிக்கிழமை வந்து உட்கார நேரமில்லை.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. டெஸ்ட் பிளானை அவர்கள் எழுத விடாதீர்கள். உங்கள் நேற்றைய பில்லில் இருபதை எடுத்து, வர வேண்டிய தொகையை முதலிலேயே பேனாவால் எழுதி வைத்து, கடை ஆட்களை விட்டு எல்லாக் கவுண்டரிலும் ஒரே நேரத்தில் போடச் சொல்லுங்கள். ரிட்டர்னும் போடுங்கள். சேவ் ஆகும்போது கரண்டைப் பிடுங்கிப் பாருங்கள். மீதித் தொகையை முதல் ஜிஎஸ்டிஆர்-1 போய்ச் சேரும்வரை கொடுக்காதீர்கள். அந்தப் பொடி எழுத்து வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ரூ.1,40,000 கொடுத்து வாங்கிய ஆப்பை ஒரு கவுண்டரில் மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவதில் பழையபடி கார்பன் வைத்த பில் புக்.