ரோபோ வேக்யூம் ஆப் சீன மொழியில் திறந்தால்: அப்படியே ஓட்டுவதா, ஹோம் அசிஸ்டென்டா, வலெடூடோவா?

ஷென்ஜெனில் வேலை பார்க்கும் உறவினர் கையோடு கொண்டு வந்ததோ, விலை குறைவு என்று இறக்குமதி செய்ததோ, எப்படி வீட்டுக்கு வந்திருந்தாலும் சீனச் சந்தைக்கான ரோபோ வேக்யூமை ஷாவ்மியின் மி ஹோம் ஆப்பில் சேர்த்தால் பெரும்பாலும் இதுதான் நடக்கும்: ஆப்பின் முகப்பு அழகாக ஆங்கிலத்தில் இருக்கும், ரோபோவின் படத்தைத் தொட்டு உள்ளே போனால் முழுக்கச் சீனம். மொழி செட்டிங்கை எத்தனை முறை மாற்றினாலும் அசையாது.

காரணம், அது ஒரே ஆப் இல்லை, இரண்டு அடுக்கு. மேலே இருப்பது மி ஹோம். ஒவ்வொரு கருவிக்கும் உள்ளே ஒரு தனிப் பிளகின் இறங்குகிறது. சீனாவுக்கு மட்டும் விற்கும் மாடலின் பிளகினுக்கு மொழிபெயர்ப்பே எழுதப்படாமல் இருக்கலாம், அப்படியிருந்தால் மி ஹோமின் மொழியை மாற்றுவதால் அங்கே ஒன்றும் ஆகாது. சரி, சர்வரை இந்தியா என்றோ சிங்கப்பூர் என்றோ மாற்றினால்? கருவி பட்டியலிலேயே காணாமல் போய்விடும், திரும்பச் சேர்க்கப் பார்த்தால் இந்தப் பிராந்தியத்துக்கு உரியதல்ல என்று மறுத்துவிடும். திரும்பவும் சீனாவுக்கே மாற்றினால் பழையபடி வந்துவிடும், பயப்பட வேண்டாம். மாற்றி எழுதப்பட்ட மி ஹோம் ஏபிகே என்று இணையத்தில் சுற்றுவதையும் இங்கேயே ஒதுக்கிவிடுகிறேன். வீட்டு வரைபடமும் கணக்கின் பாஸ்வேர்டும் இருக்கும் ஆப்பை யார் பிரித்து ஒட்டினார்கள் என்று தெரியாமல் போனில் ஏற்ற எனக்கு மனசில்லை.

அப்புறம் மிஞ்சுவது மூன்று வழி.

முதல் வழி: சீனப் பிளகினையே பழகிக்கொள்வது

கேட்கவே கஷ்டமாக இருந்தாலும், அறை பிரிப்பதற்கும் தடைப் பகுதி போடுவதற்கும் இதுவே சுலபம் என்பது என் கட்சி. ஏனென்றால் அந்த வேலை முழுக்கப் படத்தின் மேல் நடக்கிறது. முதல் முறை வீடு முழுவதையும் சுற்றி முடித்ததும் ரோபோ தானே அறைகளுக்கு நிறம் கொடுத்திருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால் பட்டன்கள் புரிந்துவிடும். ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள், தமிழில் இன்னும் குழப்பமாக வருகிறது.

ஆனால் எதையும் தொடுவதற்கு முன் ஆபத்தான எழுத்துகளைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். 删除 நீக்குவது, 重置 பழைய நிலைக்குத் திருப்புவது, 重新建图 வரைபடத்தைப் புதிதாக எடுப்பது, 恢复出厂设置 மொத்தமாகத் துடைத்துவிடுவது. இவற்றில் ஒன்று கைபட்டால் அறை, பெயர், தடை எல்லாம் போய்விடக்கூடும். 取消 என்றால் வேண்டாம், 确定 என்றால் சரி, 保存 என்றால் சேமி. இந்த அளவு தெரிந்தால் மற்றதை லென்ஸ் பார்த்துக்கொள்ளும்.

என் தங்கை வீட்டை எடுத்துக்கொள்வோம். ஹாலும் சாப்பாட்டு இடமும் ஒன்றாகத் திறந்திருக்கும் ஃபிளாட், ஒரு சமையலறை, இரண்டு படுக்கையறை, ஹாலின் மூலையில் சுவாமி அலமாரி, அதன் முன்னால் தினமும் அரிசிமாக் கோலம். ரோபோ ஹாலையும் சாப்பாட்டு இடத்தையும் ஒரே அறையாகத்தான் எடுத்துக்கொண்டது. 地图管理 உள்ளே போய் அந்த அறையைத் தேர்ந்தெடுத்து 分割 தொட்டால் ஒரு கோடு வரும். அதன் இரண்டு முனையும் சுவரைத் தொட்டு, இன்னும் சொல்லப்போனால் சுவரைக் கொஞ்சம் தாண்டியே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பிரிக்காமல் ஏதோ ஒரு வரிச் செய்தி காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். 合并 இரண்டு அறையை ஒன்றாக்கும், அடுத்தடுத்த அறைகளை மட்டும். பெயர் கொடுப்பதற்கு 命名. தயாராக இருக்கும் பெயர்களில் 客厅 ஹால், 厨房 சமையலறை, 主卧 பெரிய படுக்கையறை, 次卧 இன்னொன்று. நாமே எழுத இடமிருந்தால் தமிழிலேயே எழுதிப் பாருங்கள்.

தடைப் பகுதியில்தான் ஒரு பொறி இருக்கிறது. 禁区 என்பது ரோபோ போகக் கூடாத கட்டம். 划区 என்பது அங்கே மட்டும் சுத்தம் செய் என்று சொல்லும் கட்டம். இரண்டும் திரையில் இழுத்துப் பெரிதாக்கும் செவ்வகங்கள்தான், அவசரத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கோலத்தைச் சுற்றி இரண்டாவதைப் போட்டு ஸ்டார்ட் கொடுத்தால் ரோபோ நேராகக் கோலத்துக்கே போகும். அடையாளம் என்ன? தடை சிவப்பாக இருக்கும், சேமித்து வெளியே வந்து திரும்பப் போனாலும் அங்கேயே இருக்கும். சுத்தக் கட்டத்தின் மேல் எத்தனை தடவை என்று ×1 மாதிரி ஒரு குறி பெரும்பாலும் இருக்கும், வேலை முடிந்ததும் கட்டம் மறைந்துவிடும். 虚拟墙 என்பது ஒற்றைக் கோட்டுச் சுவர், பாத்ரூம் வாசலுக்கு அது போதும். துடைக்கும் துணி உள்ள மாடலில் 禁拖区 தனியாக இருக்கும், அங்கே பெருக்கும், துடைக்காது. கம்பளத்துக்கு அது. கோலத்துக்கு அதைப் போட்டுவிடாதீர்கள், மாவை உறிஞ்சிவிட்டுத்தான் போகும்.

கட்டத்தைக் கோலத்தின் ஓரத்தோடு ஒட்டிப் போடாமல் சுற்றிலும் ஒரு சாண் விடுங்கள், ரோபோ தன் இடத்தைக் கணிப்பதில் சில சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். இன்னொரு பக்கம், இரண்டு தடைகளுக்கு நடுவில் வழி விடும்போது ரோபோவின் குறுக்களவே ஏறக்குறைய 35 செ.மீ. என்பதை மறக்கக் கூடாது. தங்கை வீட்டில் கோலத்துக்கும் ஷூ ஸ்டாண்டுக்கும் போட்ட இரண்டு கட்டங்களுக்கு இடையில் அந்த அளவு இல்லாததால், படுக்கையறைப் பக்கமே போகாமல் ஹாலை மட்டும் முடித்துவிட்டுச் சார்ஜரில் போய் நின்றது. ஆப் அதைப் பிழை என்று காட்டவில்லை. வரைபடத்தில் ரோபோ போன கோடுகள் எங்கே நிற்கின்றன என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நேர அட்டவணைதான் இந்த வழியின் பலவீனம். 定时清扫 உள்ளே நேரம், கிழமை, எந்த அறை, எவ்வளவு உறிஞ்சல் என்று எல்லாமே எழுத்து. 仅一次 ஒரு தடவை மட்டும், 每天 தினமும், 工作日 திங்கள் முதல் வெள்ளி. சில இடங்களில் 法定工作日 என்று ஒன்று தென்படும், அதைத் தேர்ந்தெடுத்தால் சீன அரசு விடுமுறைப்படி நடக்கும். அவர்கள் புத்தாண்டு வாரம் முழுக்க உங்கள் ரோபோ படுத்திருக்கும், அந்த விடுமுறைக்கு ஈடாக அங்கே வேலை நாளாக்கும் ஞாயிறன்று நம் வீட்டில் கிளம்பும். நேர மண்டலமும் கவனிக்க வேண்டியது. பெய்ஜிங் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. காலை 9:00 என்று போட்டு, ரோபோ அதைப் பெய்ஜிங் நேரமாக எடுத்துக்கொண்டால் நம் வீட்டில் 6:30-க்கே சத்தம் கேட்கும். சந்தேகம் இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து ஓடும்படி ஒன்று போட்டுப் பாருங்கள், ஓடினால் மண்டலம் சரி.

இதைத் தாண்ட ஒரு குறுக்கு வழி உண்டு. பிளகினை விட்டுவிட்டு மி ஹோமின் ஆட்டோமேஷன் பக்கத்தில் அட்டவணை போடலாம், அந்தப் பக்கம் மேல் அடுக்கைச் சேர்ந்தது என்பதால் ஆங்கிலத்தில் இருக்கும். ரோபோ செய்யக்கூடிய செயல்களின் பெயர் மட்டும் சீனத்தில் வரலாம். அறை வாரியாகச் சொல்ல முடியுமா என்பது மாடலைப் பொறுத்தது.

இரண்டாவது: ஹோம் அசிஸ்டென்ட்

இது வீட்டுக் கருவிகளை எல்லாம் ஒரே இடத்திலிருந்து இயக்கும் மென்பொருள், வீட்டிலேயே ஒரு சின்னக் கணினியில் ஓடும். அதற்கு ஏற்கனவே ஒரு ராஸ்பெர்ரி பை ஓடிக்கொண்டிருந்தால் அட்டவணையை இங்கே கொண்டு வந்துவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். இணைக்கும்போது சர்வர் கேட்கும், சீனாவையே கொடுக்க வேண்டும். ஆட்டோமேஷனுக்கு நீங்கள் தமிழில் பெயர் வைக்கலாம், நேரம் ஹோம் அசிஸ்டென்டில் வைத்த மண்டலத்தின்படி நடக்கும், சீன விடுமுறைத் தொல்லை இல்லை. மி ஹோமில் சேர்த்த பழைய ரோபோராக் மாடல்களுக்கு இப்படி:

```yaml
triggers:
  - trigger: time
    at: "09:30:00"
actions:
  - action: vacuum.send_command
    target:
      entity_id: vacuum.hall
    data:
      command: app_segment_clean
      params: [16, 17]
```

16, 17 என்பவை அறை எண்கள், ரோபோராக்கில் பொதுவாக 16-இல் தொடங்கும். எந்த எண் எந்த அறை என்பதற்கு ஒவ்வொன்றாக அனுப்பி ரோபோ எங்கே போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. அறையைப் பிரித்தாலோ சேர்த்தாலோ இந்த எண்கள் மாறலாம், அதனால் வரைபட வேலையை முதலில் முடித்துவிட்டு இங்கே வாருங்கள். திடீரென்று ஒருநாள் சமையலறைக்குப் பதில் படுக்கையறைக்குப் போனால் யாரோ வரைபடத்தைத் தொட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இங்கே கை கொடுக்காத விஷயம் வரைபடத் திருத்தம். ட்ரீமி மாடல்களுக்கு அதையும் ஓரளவு செய்யும் தனி இணைப்பு இருக்கிறது, மற்றவற்றில் கோடு இழுக்கச் சீனப் பிளகினுக்கே திரும்ப வேண்டும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, வரைபடத்தை எத்தனை முறை மாற்றப்போகிறோம்?

மூன்றாவது: வலெடூடோ

தேடும்போது Valetudo என்று அடிக்க வேண்டும். ரோபோவை ரூட் செய்து, அதாவது அதன் உள் கணினியில் முழு உரிமை எடுத்துக்கொண்டு, உள்ளேயே இந்த மென்பொருளை நிறுவினால் சீன சர்வர் தொடர்பே அறுந்துவிடும், வீட்டு வரைபடம் வீட்டிலேயே இருக்கும், பிரவுசரில் ரோபோவின் ஐபி முகவரியைத் திறந்தால் அறை, தடை, டைமர் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் கிடையாது, வேறு எந்த மொழியும் கிடையாது. ஆங்கிலம் படிக்காத அம்மாவுக்காக என்றால் இதனால் லாபம் இல்லை, அவருக்கு ரோபோவின் மேலே இருக்கும் பட்டனே போதும்.

பல ட்ரீமி மாடல்களில் மேல் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் பின்களில் தனிச் சிறு பலகை செருகி ரூட் செய்ய வேண்டும். லினக்ஸ் கட்டளை வரி பழக்கமில்லாதவர் இதில் இறங்க வேண்டாம். ஆதரிக்கும் மாடல் பட்டியல் திட்டத்தின் தளத்தில் இருக்கிறது, அதில் இல்லாத மாடல் என்றால் கதை அங்கேயே முடிந்தது. இது சர்வருக்குத்தான் மாற்று, ரோபோவின் ஃபர்ம்வேருக்கு இல்லை, ஆகவே ஃபர்ம்வேரில் அறை பிரிக்கும் வசதியே இல்லாத பழைய ரோபோவுக்கு இதைப் போட்டாலும் அறை வராது. டைமர்களை உலகப் பொது நேரமான UTC-யில் வைத்துக்கொள்வதால் விடிகாலை அட்டவணையில் கிழமையைச் சரிபாருங்கள்: நமக்குத் திங்கள் காலை 5:00 என்பது UTC-யில் ஞாயிறு இரவு 11:30.

தங்கை வீட்டுக்கு முதல் வழியில் வரைபடம், இரண்டாவது வழியில் அட்டவணை என்று முடித்தோம். அவள் கணவர் போனிலும் ரோபோ தெரிய வேண்டும் என்றார். மி ஹோமில் கருவியைப் பகிர்ந்தால் போதும், ஆனால் அவர் ஆப்பிலும் பிராந்தியம் சீனாவாக இருக்க வேண்டும், அப்படி மாற்றினால் அவர் இந்திய சர்வரில் வைத்திருக்கும் ஏர் ப்யூரிஃபையர் அந்த நேரத்துக்குக் கண்ணில் படாது. மாடியும் கீழும் ஒரே ரோபோவை ஓட்டுகிறவர்கள் வலெடூடோ பக்கம் போக வேண்டாம், அதில் ஒரு வரைபடம்தான் வைத்துக்கொள்ள முடியும்.