ஆயிரம் ஃபாலோயர் எப்போது வரும்? ஒன்றரை வருடமாக ஷீட்டில் கோடு போட்டுப் பார்த்த அனுபவம்

காகித மடிப்புக்கு ஒரு சின்னப் பக்கம் நடத்துகிறேன். கூட நடத்தும் தோழிக்கு ஒரே கேள்விதான்: "ஆயிரம் எப்ப தாண்டும்?" அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த ஷீட்டைத் தொடங்கினேன். A பத்தியில் வார எண், B பத்தியில் ஞாயிறு இரவு ஃபாலோயர் எண்ணிக்கை. கீழே, அந்த எண்களின் ஊடே ஒரு நேர்கோடு போட்டு அதை நீட்டிக் கணிக்கும் ஒரே ஒரு ஃபார்முலா:

```
=FORECAST.LINEAR(24, B2:B11, A2:A11)
```

முதலில் எந்த வாரத்துக்குக் கணிக்க வேண்டும், அடுத்து எண்ணிக்கை, கடைசியில் வார எண்கள். பின்னிரண்டையும் நான் ஒருமுறை மாற்றிப் போட்டுவிட்டேன். எரர் எதுவும் வரவில்லை, அபத்தமான எண் ஒன்றுதான் வந்தது. அந்த வரிசையை மட்டும் கவனியுங்கள்.

முதல் பத்து வாரம் 412-இல் தொடங்கி 466-இல் முடிந்தது. கோட்டின் சாய்வு வாரத்துக்கு 6 பேர். 24ஆம் வாரத்துக்கு 550 என்று காட்டியது. கோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று 0 முதல் 1 வரை சொல்லும் RSQ போட்டால் 0.999. 'அடடா, எவ்வளவு கச்சிதம்' என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். ஆனால் மொத்த எண்ணிக்கை என்பது ஏறிக்கொண்டே போகிற ஒன்று. ஏறுவதன் மேல் ஏறுகிற கோட்டை வைத்தால் ஒட்டத்தான் செய்யும். அதே வாரங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களைத் தனியாக எழுதினால் 6, 5, 8, 5, 5, 8, 5, 6, 6. இதில் போக்கு என்று சொல்ல எதுவுமே இல்லை. RSQ சொன்ன 0.999 கணிப்பின் தரம் அல்ல என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

பதினோராவது வாரம் பெரிய பக்கம் ஒன்று எங்கள் கொக்கு மடிப்பைப் பகிர்ந்தது. ஒரே வாரத்தில் 90 பேர். எண்ணிக்கை 556, அடுத்த வாரம் 561. வரம்பை B13 வரை இழுத்ததும் சாய்வு 6-இலிருந்து கிட்டத்தட்ட 12 ஆகிவிட்டது. 99ஆம் வாரத்தில் வரவேண்டிய ஆயிரம் 53ஆம் வாரத்துக்கே வந்து நின்றது. தோழி துள்ளினாள். எனக்கும் சந்தோஷம்தான், பக்கத்து செல்லைப் பார்க்கும்வரை. 13ஆம் வாரத்துக்கு ஷீட் சொன்ன கணிப்பு 536. கையில் ஏற்கெனவே 561 இருக்கிறது!

காரணம் எளிது. இந்தக் கோடு கடைசிப் புள்ளியிலிருந்து கிளம்புவதில்லை. எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவே சமாதானமாகப் போகிறது. நடந்ததோ ஒரு படி ஏற்றம். கோடோ அதைச் சரிவாக மாற்றி, கிட்டத்தில் குறைத்தும் தூரத்தில் கூட்டியும் சொல்கிறது. அடுத்த வாரக் கணிப்பு இன்றைய எண்ணைவிடக் கீழே இருந்தால் நடுவில் ஒரு படி ஒளிந்திருக்கிறது என்று நான் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

24ஆம் வாரம் வந்தபோது இருந்தது 611. பழைய கோடு 550 என்றது, புதிய கோடு 666 என்றது. இரண்டும் தவறு. கொக்குக்காக வந்தவர்களில் பத்துப் பேர்போல இரண்டே வாரத்தில் கிளம்பிவிட்டார்கள். மீதிப் பேர் தங்கினார்கள். அதன்பின் பழையபடி வாரத்துக்கு ஆறு.

இப்போது C பத்தியில் வாராந்திர வித்தியாசத்தை வைத்து, அதன் இடைநிலை மதிப்பை எடுக்கிறேன்:

```
=B13 + 12*MEDIAN(C3:C13)
```

அந்த 90-ஐச் சராசரியில் விட்டால் வாரத்துக்கு 13.5 ஆகிவிடும், இடைநிலையோ அசையாமல் 6 என்கிறது. இந்த ஃபார்முலா 633 சொல்லியிருக்கும். இதுவும் தப்புதான், ஆனால் மூன்றில் குறைந்த தப்பு.

பன்னிரண்டு வாரத்துக்கெல்லாம் இப்போது கணிப்பதில்லை. நான்கு வாரம் போதும். நான்கு வாரத்தில் 24 பேர் எதிர்பார்த்தால், 24-இன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கி, பத்துப் பேர் இப்படி அப்படி என்று வைத்துக்கொள்கிறேன். 15 வந்தாலும் 33 வந்தாலும் பதிவின் தரத்தைப் பற்றி அதில் சேதி இல்லை. பல லட்சம் பேர் உள்ள பக்கத்தில் இந்த ஆட்டம் கண்ணிலேயே படாது. வாரத்துக்கு ஆறு பேர் வரும் பக்கத்தில் ஆட்டம்தான் பாதி எண்ணே. இதை அறியாமல் 'இந்த வாரம் மூணு பேர்தான்' என்று நல்ல தொடர் ஒன்றை நிறுத்தியிருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் உண்டு.

D பத்தி ஒன்றும் சேர்த்தேன்: அந்த வாரம் என்ன நடந்தது என்று நாலு வார்த்தை. "கொக்கு, பெரிய பக்கம் பகிர்ந்தது" என்பது போல. ஃபார்முலாக்களைவிட அந்தப் பத்தியைத்தான் அதிகம் திரும்பிப் பார்க்கிறேன். தோழி இன்னும் ஆயிரத்தைக் கேட்கிறாள். நான் அடுத்த நான்கு வாரத்தைச் சொல்கிறேன்.