ஊட்டியில் லெட்டூஸ்: என்எஃப்டி சேனலும் மண் பாத்தியும், பல பருவப் பயன்பாட்டு அனுபவம்

ஹைட்ரோபோனிக்ஸையும் மண் சாகுபடியையும் ஒப்பிடும் கருத்தரங்கு உரைகளில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு பக்கம் பாலிஹவுஸுக்குள் ஓடும் ஊட்டநீர், மறுபக்கம் திறந்தவெளியில் மழையிலும் உறைபனியிலும் நிற்கும் பாத்தி. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு, வித்தியாசம் முழுவதையும் ஹைட்ரோபோனிக்ஸ் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். நீலகிரியில் அந்த வித்தியாசத்தின் பெரும்பங்கு கூரைக்குச் சேர வேண்டியது. டிசம்பர், ஜனவரியில் பள்ளத்தாக்கில் இறங்கும் உறைபனியைத் தடுப்பதும், தென்மேற்குப் பருவமழையில் இலை அழுகாமல் காப்பதும் பாலித்தீன் தாள்தான். ஆகவே ஒப்பிடுவதென்றால் ஒரே பாலிஹவுஸ், ஒரே லெட்டூஸ் ரகம், ஒரே நாளில் விதைத்த நாற்று. பாதியில் ஊட்டநீர் ஓடும் சேனல், பாதியில் மண் மேட்டுப்பாத்தி. கீழே சொல்வது அப்படி வைத்துப் பார்த்தால் கிடைக்கும் கணக்கு.

முதலில் மண் பக்கம். நீலகிரி மண் கரிமச்சத்து நிறைந்தது, ஆனால் அமிலம். பி.எச். 4.5 முதல் 5.5 வரை இருப்பது சாதாரணம். அந்த அமிலத்தில் அலுமினியமும் இரும்பும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்டும் பயிர் குத்துக்கல்லாக நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். 100 சதுர மீட்டர் பாத்திக்கு 20 முதல் 40 கிலோ டோலமைட்டை நடவுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே கொத்திக் கலக்க வேண்டும். சரியான அளவை மண் பரிசோதனை சொல்லும். அதோடு மக்கிய தொழு உரம் 250 கிலோ. சொட்டுநீர்க் குழாய் இரண்டு வரிசை. இவ்வளவு செய்யாமல் "மண்ணில் விளைச்சல் குறைவு" என்று ஸ்லைடு போடுவது, ஒரு காலைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயம் வைப்பது மாதிரி.

சேனல் பக்கம் என்எஃப்டி, அதாவது வேர்களுக்கு அடியில் மெல்லிய படலமாக ஊட்டநீர் ஓடும் முறை. சேனல் நீளம் 10 மீட்டருக்கு மேல் வேண்டாம். மேலே போனால் கடைசிச் செடிக்கு ஆக்சிஜன் குறையும். சாய்வு 50-க்கு 1 என்றால் 10 மீட்டரில் 20 சென்டிமீட்டர் இறக்கம். ஒவ்வொரு சேனலுக்கும் நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர் ஓட்டம். சேனல் நடுவில் தொய்ந்தால் அங்கே நீர் தேங்கி வேர் பழுக்கும், அதனால் தாங்குக் கம்பிகளை ஒரு மீட்டருக்கு ஒன்றாவது கொடுப்பது நல்லது.

மலையில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஊட்டக் கலவையில்தான். சமவெளியில் இருந்து வாங்கி வரும் அட்டவணை அங்குள்ள போர்வெல் தண்ணீரை நம்பி எழுதப்பட்டது. அந்தக் கடினநீரிலேயே கால்சியமும் மக்னீசியமும் பைகார்பனேட்டும் ஏற்கெனவே இருக்கும். ஊட்டி, கோத்தகிரிப் பக்கத்து ஓடைநீரும் மழைநீரும் மென்நீர். மீட்டரை முக்கினால் இசி, அதாவது நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், பெரும்பாலும் 0.1 மில்லிசீமன்ஸைத் தாண்டாது. ஆகவே கால்சியம், மக்னீசியம் முழுவதையும் நாம்தான் கொடுக்க வேண்டும். 1000 லிட்டருக்கு இப்படிப் போட்டால் லெட்டூஸுக்குச் சரியாக இருக்கும்: கால்சியம் நைட்ரேட் 650 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 400, மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 150, மக்னீசியம் சல்பேட் 400, இரும்பு இடிடிஏ செலேட் 20 கிராம், மற்ற நுண்ணூட்டக் கலவை பாக்கெட்டில் சொன்ன அளவு. தழைச்சத்து சுமார் 150 பிபிஎம், கால்சியம் 120-க்குச் சற்று மேல், பொட்டாஷ் 190 என்று அமையும், இசி 1.6-ஐ ஒட்டி நிற்கும்.

இவற்றை ஒரே வாளியில் கரைக்கக் கூடாது. அடர்கரைசலில் கால்சியம், சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்தால் சுண்ணாம்பு கரைத்தது போல வெள்ளையாகிப் படிந்துவிடும். படிந்த சத்து செடிக்கு இல்லை. 10 லிட்டர் கேன் இரண்டு எடுத்து, "ஏ" கேனில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும், "பி" கேனில் மற்றவை. தொட்டியில் லிட்டருக்கு ஒவ்வொன்றிலும் 10 மில்லி. ஏ ஊற்றி, நன்றாகச் சுழலவிட்டு, பிறகு பி.

மென்நீரின் இன்னொரு குணம், பி.எச்.சைப் பிடித்து வைக்க அதில் ஒன்றுமே இல்லை என்பது. லெட்டூஸ் நைட்ரேட்டை உறிஞ்சும்போது பி.எச். மெல்ல ஏறும். சமவெளிப் பழக்கத்தில் பாஸ்பாரிக் அமிலத்தை மூடியில் அளந்து ஊற்றினால் 6.8-இலிருந்து ஒரேயடியாக 4.5-க்கு விழும். 10 மில்லி அமிலத்தை ஒரு லிட்டர் நீரில் கலந்துகொண்டு, அந்த நீர்த்த கரைசலைச் சிறிது சிறிதாக விட்டு, அரைமணி சுழன்ற பிறகு மறுபடி அளக்க வேண்டும். இலக்கு 5.8 முதல் 6.2. ஏழுக்கு மேல் விட்டுவிட்டால் இரும்பு எட்டாது. புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மீட்டரையே நம்பி இருக்கும் வேலை இது, ஆகவே வாரம் ஒருமுறை 4, 7 பஃபர் கரைசலில் சரிபார்ப்பது கட்டாயம். மண்ணில் இந்த வேலை எதுவும் இல்லை. டோலமைட் போட்ட பாத்தி மாதக்கணக்கில் தன் பி.எச்.சைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அன்றாடம் கணக்கு எப்படிப் போகிறது என்று ஒரு தொட்டியில் பார்க்கலாம். 500 லிட்டர் தொட்டி, இசி 1.6. மார்ச் மாத நல்ல வெயிலில் நான்கு நாளில் 400 லிட்டருக்கு இறங்கி, இசி 1.9 காட்டுகிறது. செடி உப்பை விடத் தண்ணீரை அதிகம் குடித்திருக்கிறது. இப்போது ஊட்டம் ஊற்றினால் மேலும் அடர்த்தியாகும். முதலில் 100 லிட்டர் வெறும் தண்ணீர்: 1.9 × 400 ÷ 500 = 1.52. குறைவது 0.08. 1.6 கொண்டுவர லிட்டருக்கு 10 மில்லி என்றால், 0.08-க்கு அரை மில்லி. 500 லிட்டருக்கு ஏ 250 மில்லி, பி 250 மில்லி. அதே தொட்டியில் ஜூலை மாதம் தொடர்ந்து மேகம் கவிந்திருந்தால் கதை தலைகீழ். நீர்மட்டம் 480-இல் நிற்கும், இசி 1.4-க்கு இறங்கும். செடி தண்ணீர் குடிக்கவில்லை, சத்தை மட்டும் எடுக்கிறது. இசி ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தாலே வெளியே வெயிலா மஞ்சா என்று சொல்லிவிடலாம்.

அந்த மஞ்சு மாதத்தில்தான் சேனல் லெட்டூஸின் பெரிய குறை வெளிப்படும். வெளியே பார்த்தால் செடி அழகாக இருக்கும். நடுக்குருத்தை விரித்துப் பார்த்தால் உள் இலைகளின் ஓரம் நெருப்பில் காட்டிய காகிதம் போலக் கருகியிருக்கும். இது நுனிக்கருகல், குருத்துக்குக் கால்சியம் போகாததால் வருவது. தொட்டியில் கால்சியம் குறைவு என்று நினைத்து மேலும் கால்சியம் நைட்ரேட் ஊற்றுவார்கள், பயனில்லை. கால்சியம் இலையிலிருந்து ஆவியாகும் நீரோட்டத்தோடுதான் மேலே ஏறும். காற்றில்லாத ஈரத்தில், மூடிய குருத்தில் ஆவியாதலே நடக்காது. செய்ய வேண்டியது மூன்று: இலை லேசாக ஆடும் அளவுக்கு விசிறி, மஞ்சு வாரங்களில் இசியை 1.2-க்கு இறக்குவது, குருத்து இறுகும் முன் ஒரு வாரம் முந்தி அறுப்பது. மண்ணிலும் இது வரும், ஆனால் செடி நிதானமாக வளர்வதால் குறைவு.

மண்ணின் குறை வேறிடத்தில். ஈரம் தங்கும் குளிர்ப் பாத்தியில் லெட்டூஸின் அடித்தண்டில் வெண்பஞ்சுப் பூசணம் பிடித்து, செடி ஒரே நாளில் சரிந்து படுக்கும். இழுத்துப் பார்த்தால் எலிப்புழுக்கை மாதிரி கறுப்பு மணிகள் ஒட்டியிருக்கும். அது ஸ்கிளிரோட்டினியா, அந்த மணிகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். செடியை மணியோடு அள்ளி வெளியே போட்டாலும் அதே பாத்தியில் மறுபடி லெட்டூஸ் போடுவது சூதாட்டம். சேனலில் இந்தத் தொல்லை வெகு குறைவு. தரையோடு இலை படவில்லை, பயிர்ச்சுழற்சியும் தேவையில்லை. வேர் அழுகலுக்கும் குளிர் துணை நிற்கிறது. கரைசல் 25 டிகிரியைத் தாண்டினால்தான் வேரை அழுகவைக்கும் பித்தியம் வேகமெடுக்கும், ஊட்டியில் கரைசலைக் குளிர்விக்கும் சில்லர் தேவையே இல்லை. சந்தேகம் வந்தால் வேரை இரு விரலில் பிடித்து உருவுங்கள். பழுப்பு மேல்தோல் வழுக்கி வந்து நூல் மட்டும் மிஞ்சினால் அழுகல்தான். ஆனால் ஒரு நாற்றில் நுழைந்துவிட்டால் தொட்டி வழியாக எல்லாச் சேனலுக்கும் போய்விடும். பாத்தியில் அது ஒரு மூலையோடு நிற்கும்.

குளிர் இரவில் இன்னொரு விஷயம்: மெல்லிய நீர்ப்படலம் காற்றின் வெப்பத்தையே பின்பற்றும், பாத்தி மண் பகலில் வாங்கிய சூட்டை வைத்திருக்கும். ஜனவரியில் சேனல் செடியின் இலையடி ஊதா அடித்தால் மணிச்சத்து குறைந்ததென்று பாய வேண்டாம், வேர் குளிர்ந்து எடுக்க முடியாமல் நிற்கிறது. தொட்டியைத் தரையில் பாதி புதைத்து மூடினாலே மாற்றம் தெரியும்.

கடைசியாக மின்சாரம். மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் மலையில் அரைநாள் ஆவதுண்டு. பம்ப் நின்ற சில நிமிடத்தில் சேனல் வற்றும். வெயில் நேரமென்றால் ஒரு மணிநேரத்தில் இலை தளரும், மஞ்சில் இன்னும் தாங்கும். 40 வாட் டிசி பம்புக்கு 12 வோல்ட், 100 ஆம்பியர்மணி பேட்டரியில் பாதியைப் பயன்படுத்தினால் 600 வாட்மணி. இழப்புப் போக 12, 13 மணி நேரம். இந்தப் பேட்டரி இல்லாமல் என்எஃப்டி வேண்டாம், வேர் எப்போதும் நீரிலேயே நிற்கும் 20 சென்டிமீட்டர் ஆழ மிதவைத் தொட்டிக்குப் போங்கள். மண் பாத்திக்காரர் அந்த நேரத்தில் சூடாகத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

கருத்தரங்கு உரைக்கான கணக்கில் சேனலின் பெயரில் எழுத வேண்டியவை: நட்ட 30, 35 நாளில் அறுவடை (அதே கூரையின் கீழ் மண்ணில் 45-ஐ ஒட்டி), அறுத்த அன்றே மறுநடவு, மண் ஒட்டாத இலை. இத்தகைய உரைகளில் வரும் "90 சதவீதத் தண்ணீர் மிச்சம்" என்ற வரியை எடுத்துவிடலாம். அது பாய்ச்சல் வயலோடு ஒப்பிட்ட எண், சொட்டுநீர்ப் பாத்தியின் பக்கத்தில் அது நிற்காது. மிச்சக் கரைசலையும் கணக்கில் காட்டுங்கள்: இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றும் 500 லிட்டரை ஓடையில் விட்டால் கீழே இருப்பவர் குடிக்கும் நீரில் நைட்ரேட் சேரும். பக்கத்துக் கேரட் பாத்திக்கு ஊற்றினால் அது உரம்.