ஒற்றை வயரா, வளைய வயரா? பேனலின் மஞ்சள் விளக்கை வாசித்தல்

தீ எச்சரிக்கை பேனலில் சிவப்பு விளக்கு தீயைக் குறிக்கிறது; மஞ்சள் விளக்கு அமைப்பில் பழுது இருப்பதைக் குறிக்கிறது. அந்தப் பழுது எவ்வளவு கடுமையானது என்பது வயரிங் முறையைப் பொறுத்தது.

பேனலிலிருந்து கிளம்பும் ஒரே வயரில் 20 புகை டிடெக்டர்கள் வரிசையாக இருப்பதாகக் கொள்வோம். வரிசையின் கடைசியில் உள்ள சிறு ரெசிஸ்டர் வழியே பாயும் மின்னோட்டத்தைப் பேனல் இடைவிடாமல் கண்காணிக்கிறது. ஏழாவதற்கும் எட்டாவதற்கும் இடையே வயர் அறுந்தால் அந்த மின்னோட்டம் நின்று மஞ்சள் விளக்கு எரியும். எட்டு முதல் இருபது வரையிலான 13 டிடெக்டர்களும் அக்கணமே செயலிழந்துவிடும்.

வயர் மீண்டும் பேனலுக்கே திரும்பும் வளைய முறையிலும் இதே விளக்குதான் எரியும், ஆனால் பேனல் இரு முனைகளிலிருந்தும் மின்சாரம் தருவதால் இருபதும் வேலை செய்யும். இதுவே ஆபத்தான நிம்மதி. பழுதை விட்டுவைத்து, இன்னொரு இடத்திலும் வயர் அறுந்தால், இரண்டுக்கும் இடைப்பட்டவை மௌனமாகிவிடும். ஷார்ட் சர்க்யூட்டுக்கோ வளையம் மட்டும் போதாது, பழுதான பகுதியை மட்டும் துண்டிக்கும் ஐசொலேட்டர்களும் இடையிடையே வேண்டும். செலவு கூடினாலும் பல மாடிக் கட்டடத்துக்கு வளையத்தையே நான் பரிந்துரைப்பேன்.

பேட்டரிப் பழுதில் இரு முறைகளும் ஒன்றே. உதாரணமாக, மின்தடையின்போது பேனல் அமைப்புக்கு 0.15 ஆம்பியர் வீதம் 24 மணி நேரத்துக்கு 3.6 ஆம்பியர்-மணியும், அதன்பின் மணியோசைக்கு 1 ஆம்பியர் வீதம் அரை மணிக்கு 0.5-உம் தேவை. மொத்தம் 4.1, மூப்புக்காகக் கால் பங்கு கூட்டினால் ஏறத்தாழ 5.1. எனவே 7 ஆம்பியர்-மணி கொண்ட இரு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் போதும். பழைய பேட்டரி சுமையின்றி முழு வோல்ட்டேஜ் காட்டக்கூடும் என்பதால், சுமை கொடுத்தே சோதிக்க வேண்டும்.