திரையில் "முன்பதிவு உறுதி", எங்களுக்கோ மெயில் வரவில்லை: சின்ன கிளினிக் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வெள்ளவத்தையில் என் கணவர் மாலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை ஒரு சின்ன கிளினிக் நடத்துகிறார். ஒரு டொக்டர், ஒரு மிஸ், நம்பர் கொடுக்கவும் கணக்குப் பார்க்கவும் நான். அவ்வளவுதான் ஆட்கள். மூன்று மணிக்கே போன் அடிக்கத் தொடங்கிவிடும். அதைக் குறைக்கலாம் என்றுதான் எங்கள் இணையத்தளத்தில் நேரம் பதிவுசெய்ய ஒரு படிவம் போடச் சொன்னோம். அந்தப் படிவத்தால் பத்து வாரம் என்ன நடந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். செய்தவரின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் இதே வேலையை இதே மாதிரிச் செய்பவர்கள் கொழும்பில் இன்னும் இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் வந்த தம்பி. மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, நானே கோட் எழுதி ஒரு புக்கிங் சிஸ்டம் செய்து தாறன்" என்றார். எண்பத்தையாயிரம் ரூபா பேசி, பாதியை முற்பணமாகக் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் கிளினிக்குக்கே வந்து என் கண் முன்னால் சோதித்துக் காட்டினார். பெயர் போட்டார், திகதி போட்டார், எங்கள் டொமைனில் அவரே உருவாக்கிய info என்று தொடங்கும் முகவரியை மின்னஞ்சல் கட்டத்தில் போட்டார், அனுப்பினார். பத்து செக்கனில் கிளினிக்கின் ஜிமெயிலில் மெயில் வந்து விழுந்தது. "பாத்தீங்களா அக்கா?" என்றார். பார்த்தேன். மீதிக் காசையும் கொடுத்தேன்.

பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு முன்பதிவு வந்தது. எங்கள் நோயாளிகளில் வயதானவர்கள் அதிகம், அவர்கள் போனில்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இடையில் இரண்டு மூன்று பேர் வந்து "ஒன்லைனில் போட்டேனே, நம்பர் இல்லையா?" என்று கேட்டார்கள். அவர்களுடைய நெட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்து, வரிசையில் இடம் கொடுத்து அனுப்பினேன். அன்றே தேடிப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு போயா நாளுக்கு மறுநாள் மாலை, வத்தளையிலிருந்து ஒரு ஐயா மனைவியுடன் வந்தார். சர்க்கரை வியாதிக்காரர். இடது கால் பெருவிரலுக்குக் கீழே புண், துணி சுற்றியிருந்தது, ஒரு கால் செருப்பு கையில். முதல் நாளும் வந்தாராம். வத்தளையிலிருந்து கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து நூறாம் நம்பர் பஸ், காலி வீதியில் இறங்கி நடந்து வந்து பார்த்தால் கதவு பூட்டியிருக்கிறது. போயாவுக்கு நாங்கள் திறப்பதில்லை. அவர் கோபப்படவில்லை. போனை என் பக்கம் நீட்டி, "பிள்ளை, இதிலே உறுதி எண்டுதானே போட்டிருக்கு?" என்று மட்டும் கேட்டார். மகன் எடுத்துக் கொடுத்த ஸ்கிரீன்ஷொட் அது. பச்சைக் கோட்டுப் பெட்டிக்குள் "உங்கள் முன்பதிவு உறுதி செய்யப்பட்டது. நன்றி" என்று இருந்தது. பதிவு செய்து ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும், டொக்டரிடம் நேரம் எடுத்தாயிற்று என்று வேறெங்கும் காட்டாமல் இருந்திருக்கிறார். என் கணவர் புண்ணைத் திறந்து பார்த்துவிட்டு அன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

எங்கள் மெயிலில் அந்தப் பதிவு இல்லவே இல்லை. தம்பிக்குப் போன் செய்தேன். "அக்கா, என்னட்ட நல்லா வேலை செய்யுது. நீங்கள் மெயிலை ஒழுங்கா பாக்கிறதில்லை போல" என்றார். மறுபடி கேட்டதற்கு, பராமரிப்பு ஒப்பந்தம் போட்டால் வந்து பார்க்கிறேன் என்றார். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

என் சித்தியின் மகள் இந்தத் துறையில்தான் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தாள். எங்கள் தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸுக்குள் போன இரண்டாவது நிமிடமே, "அக்கா, இது அவர் எழுதினது இல்லை. Contact Form 7. எல்லாரும் இலவசமாகப் போடுகிற பிளகின், வேர்ட்பிரஸோடு சேர்க்கிற துணை மென்பொருள்" என்றாள். இலவசப் பிளகினைப் பயன்படுத்துவதில் தவறில்லை, அது நல்ல பிளகின்தான் என்றும் சொன்னாள். தானே எழுதியதாகச் சொல்லி அந்த விலைக்கு விற்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் காசை விடப் பெரிய விஷயம் அதற்குள் இருந்தது. படிவத்தின் மெயில் பகுதியில் அனுப்புநர் இடத்தில் இப்படி இருந்தது:

```
From: [your-name] <[your-email]>
```

நோயாளி படிவத்தில் தன் மின்னஞ்சலாக எதை எழுதுகிறாரோ, அந்த முகவரியிலிருந்தே மெயில் வருவது போல எங்கள் சேர்வர் அனுப்புகிறது என்று அர்த்தம். ஐயாவின் மகன் யாஹூ முகவரி போட்டிருந்தார். ஆக, யாஹூவுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு சேர்வர், யாஹூ பெயரில் ஜிமெயிலுக்குக் கடிதம் கொண்டுபோகிறது. மோசடிக்காரர்கள் செய்வதும் இதைத்தான். அதனால் "என் சேர்வரிலிருந்து வராத எதையும் என் பெயரில் ஏற்காதீர்கள், திருப்பி அனுப்புங்கள்" என்று யாஹூ 2014 இலிருந்தே உலகத்துக்கு அறிவித்து வைத்திருக்கிறது. DMARC என்பது அந்த அறிவிப்பின் பெயர். ஜிமெயில் அதன்படியே செய்கிறது. ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் cPanel இல் Track Delivery என்ற பக்கத்தைத் திறந்தபோது சிவப்புக் குறியோடு வரிசையாக இருந்தன:

```
550-5.7.26 Unauthenticated email from yahoo.com is not accepted
```

அப்படித் திரும்பிய மெயில்கள் சேர்வரில் யாருமே திறந்து பார்க்காத ஒரு பெட்டியில் போய்ச் சேர்ந்திருந்தன.

ஜிமெயில் முகவரி போட்டவர்களுக்கு வேறு கதை. ஜிமெயில் பெயரில் வெளியிலிருந்து வரும் மெயிலை 2024 இலிருந்து கூகிள் இன்னும் கடுமையாகப் பார்க்கிறது. எங்களுக்கு வந்தவை எல்லாம் ஸ்பாம் பெட்டிக்குள் இருந்தன. பத்தொன்பது முன்பதிவு. ஸ்பாமில் இருப்பதை ஜிமெயில் 30 நாளில் தானாகவே அழித்துவிடும். ஆகவே அந்தப் பத்தொன்பதும் கடைசி ஒரு மாதத்துக்குரியவை மட்டுமே. அதற்கு முந்தைய ஐந்தாறு வாரத்தில் யார் யார் பதிவு செய்தார்கள் என்பது எங்களுக்கு இனித் தெரியவே தெரியாது. இந்தப் பிளகின் தானாக எதையும் சேமித்து வைப்பதில்லை. மெயில் போனால் போனதுதான்.

அப்படியென்றால் வாரத்துக்கு ஒன்றிரண்டு எப்படி வந்தது? அலுவலக முகவரி போட்டவர்களுடையவை. அவர்களுடைய டொமைன்களில் அப்படிக் கடுமையான அறிவிப்பு இல்லை. அந்த ஒன்றிரண்டு வந்ததால்தான் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். என் முன்னால் நடந்த சோதனை வெற்றியானதும் இதே மாதிரித்தான். அன்று அவர் போட்டது எங்கள் டொமைன் முகவரி. எங்கள் சேர்வர் எங்கள் பெயரில் அனுப்பினால் ஜிமெயிலுக்கு என்ன ஆட்சேபம்?

தங்கச்சி காட்டிய இன்னொன்றுதான் எனக்கு அதிகம் வலித்தது. படிவத்தைத் திருத்தும் பக்கத்திலேயே அந்தப் பிளகின் எச்சரிக்கை போட்டிருந்தது: Sender email address does not belong to the site domain. பத்து வாரமும் அது அங்கேயே இருந்திருக்கிறது. பிளகினை நிறுவும்போது தானாக வருகிற அமைப்பில் அனுப்புநராகத் தளத்தின் சொந்த டொமைன் முகவரிதான் இருக்குமாம். நோயாளியின் பெயரிலேயே மெயில் வந்தால் நன்றாகத் தெரியும் என்று யாரோ கை வைத்து மாற்றியிருக்க வேண்டும். திருத்துவதற்கு அவளுக்கு ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை:

```
From: Clinic <booking@example.lk>
Additional headers: Reply-To: [your-email]
```

example.lk இருக்கும் இடத்தில் உங்கள் டொமைன் வர வேண்டும். பதில் எழுத அழுத்தினால் அது நோயாளிக்கே போகும், அதற்குத்தான் இரண்டாவது வரி. பிறகு மெயிலை, மெயில் அனுப்புவதற்கென்று ஹோஸ்டிங்கில் உள்ள எஸ்எம்டிபி கணக்கு வழியாக அனுப்ப வைத்தாள். அதே ஆசிரியர் செய்த Flamingo என்ற பிளகினையும் போட்டாள். இனி மெயில் தொலைந்தாலும் பதிவு தளத்துக்குள் இருக்கும்.

அந்தப் பச்சைப் பெட்டி வாசகத்தையும் சொல்ல வேண்டும். மெயிலை சேர்வரிடம் ஒப்படைத்த உடனேயே அது தோன்றிவிடும். மெயில் போய்ச் சேர்ந்ததா, யாராவது வாசித்தார்களா என்பது அதற்குத் தெரியாது. பிளகினில் வருகிற வாசகம், உங்கள் செய்தி அனுப்பப்பட்டது என்ற அளவோடு நிற்கிறது. அதை எடுத்துவிட்டு "முன்பதிவு உறுதி" என்று எழுதியவர் எங்கள் தம்பி. பின்னால் நாட்காட்டி எதுவும் இல்லை. எந்த நேரம் நிரம்பிவிட்டது, எந்த நாள் போயா என்று படிவத்துக்கு ஒன்றும் தெரியாது. ஸ்பாமில் கிடந்த பத்தொன்பதில் மூன்று பேர் ஒரே சனிக்கிழமை ஐந்தேகாலுக்குக் கேட்டிருந்தார்கள். மூவருக்கும் "உறுதி" என்று காட்டியிருக்கிறது. இப்போது எங்கள் தளத்தில், "உங்கள் கோரிக்கையை அனுப்பியுள்ளீர்கள். நாங்கள் போனில் அழைத்து நேரம் சொன்ன பிறகே அது உறுதியாகும்" என்று எழுதியிருக்கிறோம். உண்மையாகவே நேரம் பார்த்து ஒதுக்குகிற மென்பொருள் வேண்டுமென்றால் அது வேறு வகை, அதை வெளிப்படையாகக் கேட்டு வாங்குங்கள்.

படிவத்தில் "நோய் விபரம்" என்ற கட்டத்தைக் கட்டாயமாக்கியிருந்தார். ஒரு பெண் தன் கருச்சிதைவைப் பற்றி அதில் எழுதியிருந்தார். அந்த ஜிமெயிலின் பாஸ்வேர்ட் தம்பிக்கும் தெரியும், நான்தான் கொடுத்தேன். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையாகத்தான் வைத்திருக்கிறது. அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டோம், பாஸ்வேர்டையும் மாற்றினோம். பெயர், போன் நம்பர், மின்னஞ்சல், விரும்பும் நாள். நேரம் கொடுக்க இவை போதும்.

உங்களுக்கும் யாராவது இந்த வேலை செய்து தந்தால், மீதிக் காசு கொடுக்க முன் வீட்டில் இருந்து, செய்தவர் பக்கத்தில் இல்லாமல், யாஹூ முகவரி போட்டு ஒரு தடவை, ஜிமெயில் முகவரி போட்டு ஒரு தடவை அனுப்பிப் பாருங்கள். யாஹூ இல்லையென்றால் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஸ்பாம் பெட்டியையும் திறந்து பாருங்கள். மெயில் வராவிட்டால் பதிவு வேறு எங்கே இருக்கும் என்று கேளுங்கள். அடுத்த போயா நாளுக்கு ஒரு நேரம் போட்டு, படிவம் என்ன சொல்கிறது என்றும் பாருங்கள்.

பத்தொன்பது பேரையும் நானே கூப்பிட்டேன். பதினொரு பேர் எடுத்தார்கள். நான்கு பேர் வேறு டொக்டரிடம் போய்விட்டதாகச் சொன்னார்கள். வத்தளை ஐயாவின் விரலை எடுக்க வேண்டி வரவில்லை, பன்னிரண்டு நாள் வார்டில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். இப்போது கிளினிக்குக்கு வரும் நாளில் காலையில் எனக்குப் போன் செய்து, "பிள்ளை, இண்டைக்குத் திறப்பீங்கள்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்.