ஆஃபர் லெட்டர் ரெண்டு பக்கம்தானா? பழைய வேலைக்கு ராஜினாமா எழுதும் முன் இதைப் படியுங்கள்

பத்தே மாதம் வேலை பார்த்த ஒரு நிறுவனத்துக்கு, கிளம்பும்போது என் கையிலிருந்து இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல் கட்டிவிட்டு வந்தேன். போலி நிறுவனம் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். நிஜமான அலுவலகம், நிஜமான வேலை, மாதம் தவறாமல் சம்பளம். நான் கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் நான் கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு வரி இருந்தது. அந்தத் தாள் எப்போது என் கைக்கு வந்தது என்பதில்தான் விஷயமே.

தேர்வானதும் மெயிலில் வந்த ஆஃபர் லெட்டர் இரண்டு பக்கம். படிக்க அவ்வளவு தெளிவாக இருந்தது. ஆண்டுச் சம்பளம் ஒரு வரி. தகுதிகாண் காலம் 6 மாதம், ஒரு வரி. நோட்டீஸ் 90 நாள், ஒரு வரி. சேர வேண்டிய தேதி, அதற்குள் சேராவிட்டால் ஆஃபர் ரத்து, பழைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டர் கட்டாயம். கடைசியில், "இதர நிபந்தனைகள் பணி நியமன ஆணையிலும் நிறுவன விதிகளிலும் உள்ளபடி." எங்கும் இருக்கிற வரிதானே என்று அன்றே ஒப்புதல் அனுப்பினேன். மறுநாள் பழைய வேலைக்கு ராஜினாமா.

நியமன ஆணை சேர்ந்த முதல் நாள் காலையில் வந்தது. 14 பக்கம். ஒரு நீள மேஜையைச் சுற்றி நாங்கள் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு ஃபைல், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் மஞ்சள் ஒட்டுத்தாள். நான் ஆறாம் பக்கத்தில் நின்று படிக்க ஆரம்பித்தேன். ஹெச்.ஆர். பெண் சிரித்துக்கொண்டே, "எல்லாருக்கும் ஒரே ஃபார்மேட்தான் சார், பத்தரைக்கு இண்டக்‌ஷன் ஆரம்பிச்சிடும்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைச் செய்தார். ஆனால் அந்த நேரத்தில் என் நிலையை யோசித்துப் பாருங்கள். பழைய நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தாகிவிட்டது. பிடிக்கவில்லை என்று எழுந்து போக எனக்கு எந்த இடமும் இல்லை. போட்டேன், 14 பக்கத்திலும்.

இனி கணக்குக்கு வருகிறேன். என் நிஜத் தொகை வேண்டாம், ஆண்டுக்கு மொத்தம் 1,200 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 100 வரும், பிடித்தம் போக ஒரு 85 கைக்குக் கிடைக்கும் என்பது என் மனக்கணக்கு. வந்தது 60.

காரணம் அந்த 1,200க்குள் என்னென்ன இருந்தன என்பது. செயல்பாட்டைப் பொறுத்து மாறும் வேரியபிள் 180. முதல் ஆண்டு ஜாயினிங் போனஸ் 60. ஓய்வுக்கால நிதிக்கு நிறுவனம் கட்டும் பங்கு, காப்பீட்டு பிரீமியம், பணிக்கொடைக்கு ஒதுக்குவது எல்லாம் சேர்த்து 120. இவை போக மீதி 840, அதாவது மாதம் 70. அதில் வரியும் என் பங்குப் பிடித்தமும் போய் 60. மொத்தத் தொகையில் இவற்றைச் சேர்ப்பது மோசடி அல்ல, பல இடங்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள். ஒரு தடவை மட்டுமே வரும் ஜாயினிங் போனஸை ஆண்டுச் சம்பளத்துக்குள் சேர்த்துக் காட்டியதுதான் கொஞ்சம் ஓவர். ஆஃபர் லெட்டரோடு மாதவாரிப் பிரிப்புப் பட்டியல் இல்லாததை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

இது முதல் அடி, பொறுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். பெரிய அடி தகுதிகாண் காலத்தில் ஒளிந்திருந்தது.

6 மாதம் முடிந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. மேனேஜர் ஒரு மீட்டிங்கில் "எல்லாம் நல்லாத்தான் போகுது" என்றார். நான் நிரந்தரமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். எட்டாம் மாதம் எல்லாருக்கும் வேரியபிள் வந்தது, எனக்கு மட்டும் பூஜ்யம். கேட்டால் ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினார்கள். "எழுத்து மூலம் பணி உறுதி செய்யப்படும் வரை தகுதிகாண் காலம் தொடரும்." அடுத்த பத்தியில், "பணி உறுதியானவர்களுக்கு மட்டுமே வேரியபிள் பொருந்தும்." ஆஃபர் லெட்டரில் 6 மாதம் என்று இருந்த காலம், நியமன ஆணையில் முடிவே இல்லாததாக மாறியிருந்தது. எனக்கு உறுதிக் கடிதம் ஏன் வரவில்லை என்று யாருக்குமே தெரியவில்லை. மேனேஜர் படிவத்தை நிரப்பவில்லை, ஹெச்.ஆர். நினைவூட்டவில்லை, அவ்வளவுதான். அலட்சியம் அவர்களுடையது, 180 என்னுடையது.

இந்த இடத்தில் வேறு விதமாகவும் எழுதுவார்கள். "6 மாதம் முடிந்து இத்தனை நாளுக்குள் எழுத்தில் எதுவும் தெரிவிக்கப்படாவிட்டால் பணி உறுதியானதாகக் கருதப்படும்." இரண்டு வாக்கியத்துக்கும் நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றில் அவர்கள் மறந்தால் நீங்கள் நிரந்தரம், மற்றதில் அவர்கள் மறந்தால் நீங்கள் தொங்கல். ஆணையில் எந்த வாக்கியம் இருக்கிறது என்று அந்தப் பக்கத்தை மட்டுமாவது தேடிப் படியுங்கள். தானாக உறுதியாகும் வகை இல்லை என்றால், 6 மாதம் முடியும் வாரத்திலேயே உறுதிக் கடிதம் கேட்டு மெயில் போடுங்கள். வாயால் சொல்வது எதுவும் அங்கே நிற்காது. ஏனென்றால், "இதற்கு முன் பேசிய, எழுதிய அனைத்துக்கும் பதிலாக இந்த ஆணையே செல்லும்" என்று இன்னொரு வரி இருந்தது. தேர்வின்போது போனில் "வேரியபிள் முழுசா வந்துடும் சார்" என்று கேட்ட குரலை அந்த ஒரு வரி அழித்துவிட்டது.

ஒன்பதாம் மாத முடிவில் வேறு இடம் கிடைத்தது. அவர்கள் 30 நாளில் சேரச் சொன்னார்கள். இன்னும் தகுதிகாண் காலம்தானே, நோட்டீஸ் குறைவாக இருக்கும் என்று நம்பிக்கையாகப் போனேன். அங்கேயும் ஒரு வாக்கியம் காத்திருந்தது. தகுதிகாண் காலத்தில் நிறுவனம் என்னை 7 நாள் அறிவிப்பில் அனுப்பலாம். நான் போவதென்றால் 90 நாள். வேரியபிளுக்கு நான் தற்காலிகம், நோட்டீஸுக்கு நிரந்தரம்!

30 நாள் வேலை பார்த்தேன், 60 நாள் பாக்கி. அதற்கு ஈடாக "இரண்டு மாதச் சம்பளம்" கட்ட வேண்டும் என்றது ஆணை. எந்தச் சம்பளம்? அடிப்படைச் சம்பளமா, மாத மொத்தமா, ஆண்டுத் தொகுப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கா? ஆணையில் விளக்கம் இல்லை. என் அடிப்படைச் சம்பளம் 35, அதன்படி 70 கட்டினால் போதும். மாத மொத்தம் என்றால் 140. அவர்கள் போட்ட கணக்கு 200. எனக்கு ஒருபோதும் தராத வேரியபிள், நிறுவனம் கட்டிய காப்பீடு எல்லாம் அதற்குள் இருந்தன. கொடுக்கும்போது 70 ஆக இருந்த மாதச் சம்பளம் வாங்கும்போது 100 ஆகிவிட்டது.

அதோடு ஜாயினிங் போனஸ். 12 மாதத்துக்குள் போனால் திருப்பித் தர வேண்டும் என்பது எனக்கும் தெரியும், அது நியாயம்தான். ஆனால் அந்த 12 மாதம் சேர்ந்த நாளிலிருந்து அல்ல, பணி உறுதியான நாளிலிருந்தாம். உறுதியே ஆகாதவனுக்கு அந்தக் கடிகாரம் ஓடவே தொடங்கவில்லை. இன்னும் ஒரு நுணுக்கம். அப்போது வரி 12 பிடித்துக்கொண்டு எனக்குத் தந்தது 48. திரும்பக் கேட்டது 60. பத்து மாதம் வேலை பார்த்ததற்கு விகிதக் கழிவும் கிடையாது.

ஆக 260. கடைசி மாதச் சம்பளம் 60ஐ நிறுத்திவைத்து, மீதி 200 கட்டினால்தான் ரிலீவிங் லெட்டர் என்றார்கள். புது இடத்தில் அந்தக் கடிதம் இல்லாமல் சேர முடியாது. இந்த மாதிரி நிபந்தனைகள் சட்டத்தின் முன் நிற்குமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், வழக்கறிஞர் ஒருவரைக் கேட்கலாம். எனக்கு அதற்கு நேரம் இல்லை. நான் செய்தது ஒன்றுதான். "சம்பளம் என்ற சொல்லுக்கு ஆணையில் எந்தப் பக்கத்தில் விளக்கம் இருக்கிறது?" என்று மெயிலில் கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், "நல்லெண்ண அடிப்படையில்" மாத மொத்தத்தின்படி 140 என்று குறைத்தார்கள். போனஸில் ஒரு பைசா குறையவில்லை. கடைசிச் சம்பளம் கழித்து நான் கட்டியது 140. முன்பே கேட்டிருந்தால் சண்டையே வேண்டியிருக்காது என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

அதனால் ஆஃபர் வந்ததும் ராஜினாமா எழுத உட்காராதீர்கள். "நியமன ஆணையின் முழு மாதிரியை அனுப்புங்கள், படித்துவிட்டு ஒப்புதல் தருகிறேன்" என்று முதலில் கேளுங்கள். எல்லாருக்கும் ஒரே ஃபார்மேட் என்று சொல்பவர்களுக்கு அதை அனுப்புவதில் என்ன சிரமம்? பெயர், தொகை இல்லாத வெற்று மாதிரி போதும். அனுப்ப மாட்டோம், சேரும் நாளில்தான் தருவோம் என்று சொன்னால், மாதம் கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு, பணி உறுதி தானாக ஆகுமா, நோட்டீஸ் இரு பக்கமும் சமமா, நோட்டீஸுக்கு ஈடு எந்தச் சம்பளத்தில், போனஸ் திருப்பும் காலம் எந்த நாளிலிருந்து என்று மெயிலில் எழுதிக் கேட்டு, பதிலும் மெயிலிலேயே வாங்குங்கள். போனில் கூப்பிட்டு விளக்கினால் நன்றி சொல்லிவிட்டு, "நீங்கள் போனில் சொன்னது இது, சரிதானே?" என்று உடனே எழுதி அனுப்புங்கள். ஆனால் அந்தப் "பதிலாக இந்த ஆணையே செல்லும்" வரி பின்னால் வந்தால் மெயிலும் வலுவிழக்கலாம். ஒப்புக்கொண்டதை ஆணைக்குள்ளேயே எழுதச் சொல்வதுதான் பத்திரம்.

புது இடத்தில் இதையெல்லாம் கேட்டபோது ஆஃபரையே திரும்ப வாங்கிவிடுவார்களோ என்று வயிற்றைக் கலக்கியது. மறுநாளே 11 பக்க மாதிரி வந்தது. நோட்டீஸ் ஈடு அடிப்படைச் சம்பளத்தில் என்று எழுதித் தந்தார்கள். பணி உறுதி 6 மாதத்தில் தானாக ஆகும் என்ற வரியையும் சேர்த்தார்கள். தகுதிகாண் காலத்திலும் நான் தர வேண்டிய நோட்டீஸ் 60 நாள் என்பதை மட்டும் மாற்ற முடியாது என்றுவிட்டார்கள். அதைத் தெரிந்தே கையெழுத்துப் போட்டேன்.